‘நீங்கள்’ இல்லாத மின்னஞ்சல்

காலையிலிருந்து மாலைவரை திட்டு வாங்குவதுதான் அவள் வேலை. தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்கிற கம்பெனியில், புகார் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதும் பிரிவு. நீளமான அறை, ஜன்னல் இல்லை, வரிசையாகக் கணினிகள். அவளுக்கு அங்கே ஐஸ்பெட்டி என்று பெயர். எவ்வளவு சூடான கடிதம் வந்தாலும் முகம் மாறாமல் படிப்பாள். பக்கத்து இருக்கைக்காரி சில கடிதங்களை உரக்கப் படித்துக் காட்டிச் சிரிப்பாள். ‘நீங்கள் மனிதர்களா’, ‘உங்கள் வீட்டிலும் இந்தத் தண்ணீரைத்தான் குடிப்பீர்களா’ என்ற மாதிரிக் கடிதங்கள். அவற்றைப் போட்டு வைக்கத் தனியாக ஒரு ஃபோல்டர்கூட வைத்திருந்தார்கள். பெயர் ‘மசாலா’. மத்தியானம் தூக்கம் வந்தால் திறந்து படிப்பதற்கு.

ஐஸ்பெட்டி சிரிக்கமாட்டாள். ஆனால் ஒன்று அவளுக்கு நன்றாகத் தெரியும். என்ன ஆயிற்று, என்ன வேண்டும் என்ற இரண்டும் ஒரு கடிதத்தில் இருந்தால் உடனே ஆள் அனுப்பலாம். திட்டு மட்டும் இருந்தால் மன்னிப்பு மட்டும்தான் அனுப்ப முடியும். மன்னிப்பு ஏற்கெனவே தட்டச்சு செய்து வைக்கப்பட்டிருந்தது. பெயரை மாற்றி அனுப்பினால் போதும்.

வீட்டுக்குப் போனால் அங்கே மாமனார். முப்பது வருஷம் சரக்குக் கிடங்கில் மேற்பார்வை பார்த்தவர். லாரிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பேசிப் பழகிய தொண்டை. அவர்கள் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சைரன். ஓய்வு பெற்றதும் கட்டடச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். வேறு யாரும் முன்வரவில்லை. மொட்டைமாடிக் கதவுச் சாவி, மோட்டார் அறைச் சாவி, மீட்டர் பெட்டிச் சாவி எல்லாம் அவர் படுக்கைக்கு மேலே ஆணியில் தொங்கும்.

மருமகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. காபி ஆறிப் போனால், “நீ கவனிச்சுத்தான் போடறியா, தூங்கிக்கிட்டே போடறியா” என்பார். கொடியில் சட்டை காயாமல் இருந்தால், “உன் வீட்ல இப்படித்தான் வளர்த்தாங்களா” என்பார். அவள் அடுக்களைக்குப் போய்ப் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். சில நாள், “போதும் மாமா, காது வலிக்குது” என்று திருப்பியும் சொல்லிவிடுவாள். அவர் இன்னும் பத்து நிமிஷம் கத்துவார். அப்புறம் எல்லாம் அடங்கிவிடும். சாப்பிடும்போது, “அந்தப் பொரியல இன்னும் கொஞ்சம் வை” என்று தட்டை நீட்டுவார். வீடு அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கட்டடத்து லிஃப்ட் மழைக்காலம் வந்தால் நொண்டும். அந்த வருஷம் மழை வருமுன்பே நொண்டியது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிடும். மாமனார் லிஃப்ட் கம்பெனிக்கு எழுதினார். அது திரும்ப நின்றது. திரும்ப எழுதினார். ஒவ்வொரு தடவையும் எழுதியதைக் கூடத்தில் நின்று உரக்கப் படித்துக் காட்டுவார். பதிலாக, ‘தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று இரண்டு வரி வரும். மருமகளுக்கு அந்த இரண்டு வரியைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அங்கேயும் ஒரு நீளமான அறை இருக்கிறது, அங்கேயும் ஒரு ஃபோல்டர் இருக்கிறது, மாமனார் அதற்குள் இருக்கிறார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மாமியார் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும்போது லிஃப்டில் மாட்டிக்கொண்டார். தனியாக. முழங்கால் இரண்டும் தேய்ந்தவர், நிற்க முடியாது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. முக்கால் மணி நேரம். மாதாமாதம் லிஃப்டைப் பார்க்க வருகிற டெக்னீஷியன் வந்து மேலே ஏறி, கையால் இழுத்துப் பெட்டியை மாடி மட்டத்துக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்தபோது அவர் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புடவை நனைந்திருந்தது. டெக்னீஷியன் தன் சட்டையைக் கழற்றி அவர் மடியில் போட்டான். “ஒண்ணுமில்லம்மா, எம்மேல சாஞ்சுக்குங்க” என்று சொல்லி, பனியனோடு அவரை ஐந்தாம் மாடிவரை தாங்கிக்கொண்டே ஏறினான். விஷயம் தெரிந்து ஆபீஸிலிருந்து ஓடி வந்திருந்த மருமகள், சட்டையைத் துவைத்துத் தருகிறேன் என்று சொன்னதற்கு, “பரவால்லக்கா, கிரீஸ் சட்டைதானே” என்று வாங்கிக்கொண்டு போனான்.

அன்று சாயங்காலம் மாமனார் எழுதியது ஒரு பக்கத்துக்கு மேல் போனது. ‘நீங்கள் மனிதர்கள்தானா? மாதாமாதம் பணத்தை வாங்கிக்கொண்டு எங்களை ஏமாற்றுகிறீர்கள். உங்கள் ஆள் எப்போதும் வருவதே இல்லை. வேண்டுமென்றே எங்களைச் சாகடிக்கப் பார்க்கிறீர்கள்...’

படித்துக் காட்டும்போது அவர் குரல் உடைந்தது. மாமியார் உள்ளறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மருமகள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மாமனார் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“மாமா, இத அனுப்பினா மறுபடியும் அந்த ரெண்டு வரிதான் வரும்.”

“வேற எப்படி எழுதணும்ங்கற? காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுதணுமா?”

“கும்பிடவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். இதப் படிக்கப் போறது என்ன மாதிரி ஒருத்தி. அவ இந்த லிஃப்டைப் பாத்தது கூட இல்ல. நீங்க ஏமாத்தறீங்கன்னு எழுதினா, நான் என்ன பண்ணேன்னுதான் அவளுக்குத் தோணும். தன்னைக் காப்பாத்திக்கத்தான் பாப்பா. லிஃப்டைப் பாக்கமாட்டா.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே கணினியை அவள் பக்கம் தள்ளினார். அவள் ஒவ்வொரு வரியாக எடுத்தாள். ‘நீங்கள்’ என்ற சொல்லை எல்லாம் நீக்கினாள். அது போதவில்லை. ‘ஏமாற்றுகிறீர்கள்’, ‘பார்க்கிறீர்கள்’ என்று வினைச்சொல்லின் வாலிலேயே குற்றம் சாட்டுகிற விரல் நீண்டு நின்றது. “சொல்லை எடுத்துட்டு வாலை விட்டா பிரயோஜனம் இல்ல மாமா” என்றாள்.

அவருக்கு அது பிடித்துவிட்டது. சட்டென்று, “அப்ப இப்படிப் போடு. சில பேர் பணத்தை வாங்கிட்டு ஏமாத்தறாங்க” என்றார்.

“அதுவும் அதேதான். முகமூடி போட்ட ‘நீங்கள்’. ஏமாத்தறதக் கண்ணால பாத்தீங்களா? பாத்தது எது, அதச் சொல்லுங்க.”

“லிஃப்ட் நின்னுச்சு.”

“எங்க நின்னுச்சு, எத்தன தடவை, கடைசியா எப்போ?”

சொன்னார். அவள் எழுதினாள்.

“வேண்டுமென்றேன்னு எழுதியிருக்கீங்க. அவங்க மனசு நமக்குத் தெரியுமா? தெரியாததை எடுத்துடலாம். எப்போதும் வருவதே இல்லைன்னு இருக்கு. ஒரு தடவை வந்திருந்தான்னு காமிச்சாங்கன்னா நம்ம கடுதாசி முழுக்கப் பொய்னு ஆயிடும். எந்த மாசம் வரல?”

“போன மாசம்தான். அதுக்கு முன்னாடி எல்லாம் வந்தான்.”

“வரலேன்னு எப்படித் தெரியும்?”

அவர் அவளை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தார். “மோட்டார் ரூம் சாவி எங்கிட்டத்தானே இருக்கு? போன மாசம் ஒருத்தனும் கேக்கல. ஆனா செக் பண்ணி முடிச்சாச்சுன்னு மெயில் மட்டும் வந்திருக்கு. அதத்தானே பொய்யனுங்கன்னு எழுதறேன்.”

இத்தனை கடிதத்திலும் அவர் அதை எழுதியிருக்கவில்லை. பொய்யர்கள் என்று ஆறு இடத்தில் எழுதியிருந்தார். சாவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மருமகளுக்கு வேலை செய்கிறவளின் சந்தோஷம் ஒன்று வந்தது. சரியான திருகாணி சரியான துளையில் இறங்கும்போது வருகிற சந்தோஷம். அந்த நிமிஷம் அவளுக்கு டெக்னீஷியனின் முகம் ஞாபகத்தில் வரவில்லை. பிற்பாடு அதைத்தான் அவளால் தாங்க முடியாமல் போனது.

முடிவில் கடிதம் இப்படி இருந்தது:

‘எங்கள் கட்டடத்து லிஃப்ட் இந்த மாதம் மூன்று முறை இரண்டாம், மூன்றாம் மாடிகளுக்கு நடுவில் நின்றது. கடைசியாக இன்று காலை. அப்போது உள்ளே முழங்கால் நோயுள்ள எழுபது வயதுப் பெண் முக்கால் மணி நேரம் தனியாக இருந்தார். சென்ற மாதப் பராமரிப்பு முடிந்ததாக அறிக்கை வந்துள்ளது. மோட்டார் அறையின் சாவி என்னிடம் இருக்கிறது. சென்ற மாதம் அது யாராலும் கேட்டு வாங்கப்படவில்லை. அறிக்கை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. தேவைப்படுவது: லிஃப்ட் நிற்பதன் காரணம் கண்டறியப்பட்டு வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யப்பட வேண்டும். செய்த வேலையின் விவரம் எழுத்தில் வேண்டும்.’

“இதுல உப்பும் இல்ல, காரமும் இல்ல” என்றார் மாமனார். ஆனாலும் அனுப்பினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கே தொலைபேசி வந்தது. பேசியவர் கம்பெனியின் பெரிய அதிகாரி. மத்தியானம் மூன்று பேர் வந்து மோட்டார் அறையில் ஏறினார்கள். மூன்றாம் மாடிக் கதவின் பூட்டு ஸ்விட்ச் தேய்ந்து போயிருந்ததாம். லேசாக அசைந்தாலும் கதவு திறந்திருக்கிறது என்று நினைத்து லிஃப்ட் நின்றுவிடுமாம். முறையாகப் பார்த்திருந்தால் சென்ற மாதமே கண்ணில் பட்டிருக்கும் என்று அவர்களில் ஒருவன் சொன்னான். புதிது போட்டார்கள். வெள்ளிக்கிழமை எழுத்தில் விவரம் வந்தது. கீழே ஒரு வரி: ‘சம்பந்தப்பட்ட ஊழியர் பணியிலிருந்து நீக்கப்பட்டுள்ளார்.’

மாமனார் அதை நான்கு தடவை படித்தார். உரக்கப் படிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். “ஒரு திட்டு கூட இல்ல பாரேன்” என்றார். கிடங்கில் முப்பது வருஷம் கத்தியும் அவரால் ஒரு சுமைதூக்கியைக்கூட வேலையை விட்டு அனுப்ப முடிந்ததில்லை. அவர் கத்த ஆரம்பித்தால் அவர்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருப்பார்களாம்.

பத்து நாள் கழித்து டெக்னீஷியன் வீட்டுக்கு வந்தான். அதே சட்டையா என்று மருமகளுக்குத் தெரியவில்லை, ஆனால் துவைத்துத் தேய்த்துப் போட்டிருந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“சார், போன மாசம் நான் வரல. அது என் தப்புதான். இருபது பில்டிங் பாத்துக்கிட்டிருந்தேன், நாப்பதாக்கிட்டாங்க. முடிச்சாச்சுன்னு போட்டாத்தான் சம்பளத்துல கை வைக்கமாட்டாங்க. எல்லாரும் போடறதுதான். இப்ப வேற கம்பெனிக்குப் போனா, பழைய இடத்துல விசாரிக்கறாங்க, பொய் ரிப்போர்ட் போட்டவன்னு சொல்றாங்க. நீங்க ஒரு மெயில் மட்டும் போடுங்க சார். மத்த மாசமெல்லாம் ஒழுங்கா வந்தான்னு. அம்மாவக் கேளுங்க, அன்னிக்கு...”

“உன்னைப் பத்தி நான் ஒரு வார்த்தை தப்பா எழுதலையேப்பா” என்றார் மாமனார். குரல் உயரவே இல்லை. “நடந்தத எழுதினேன். அதுல எது பொய்?”

“பொய் எதுவும் இல்ல சார்.”

“அப்புறம்?”

அவன் மருமகளைப் பார்த்தான். அவள் மாமனாரைப் பார்த்தாள். “மாமா, மத்த மாசம் வந்ததும் நடந்ததுதானே. அதையும் எழுதலாம்.”

“நீதானம்மா சொன்ன? என்ன ஆச்சு, என்ன தேவை, அவ்வளவுதான்னு. நமக்கு என்ன தேவை? லிஃப்ட் ஓடணும். ஓடுது. இப்ப எனக்கு எழுதறதுக்கு ஒரு தேவையும் இல்லையே.”

டெக்னீஷியன் கொஞ்ச நேரம் நின்றான். அவர் திட்டுவார், திட்டி முடித்ததும் மனசு இளகும் என்ற நம்பிக்கையில் வந்திருந்தவன் போல நின்றான். திட்டு வரவில்லை. “வரேன் சார்” என்று சொல்லி மாடிப்படியில் இறங்கிப் போனான். லிஃப்ட் பக்கத்திலேயே திறந்து கிடந்தது.

மருமகள் அன்று இரவே தன் பெயரில் லிஃப்ட் கம்பெனிக்கு எழுதினாள். அவன் மாதாமாதம் வந்ததை, மாமியாரைத் தாங்கி ஏறியதை, சட்டையை. பதில் வந்தது: ‘தங்கள் புகார் ஏற்கெனவே தீர்க்கப்பட்டு முடிக்கப்பட்டுள்ளது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.’ அவளும் தினம் அனுப்புகிற வரிதான்.

அதற்குப் பிறகு மாமனார் கத்துவதை நிறுத்திவிட்டார். கட்டடத்தில் எல்லோருக்கும் நிம்மதி. சைரன் தாத்தாவுக்கு என்ன ஆச்சு என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவர் கூடத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். படிக்கட்டு கூட்டுகிற பெண்மணியைப் பற்றி, அவளை அனுப்புகிற கம்பெனிக்கு: எந்த நாள் எந்த மாடி கூட்டப்படவில்லை, என்ன தேவை. அவளுக்குப் பதில் வேறொருத்தி வந்தாள். முதல் மாடியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்து வந்த விதவைப் பெண்மணியைப் பற்றி, அவள் வீட்டு உரிமையாளருக்கு: எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை சத்தம், குடியிருப்பு ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது, என்ன தேவை. அவள் வீடு காலி செய்தபோது மாமனாரே கீழே போய், “உடம்பப் பாத்துக்குங்கம்மா” என்று சொல்லிவிட்டு வந்தார். எந்தக் கடிதத்திலும் ‘நீங்கள்’ இல்லை. ஒரு தடவை சந்தேகம் வந்து மருமகளிடமே கேட்டார். “இந்த ‘அலட்சியம்’ங்கற வார்த்தை இருக்கலாமா? அது நம்ம அபிப்பிராயம் ஆயிடுமோ?” அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். அவரே யோசித்து அதை நீக்கிவிட்டார்.

மழைக்காலத்தில் அவள் ஆபீஸில் வேலை கூடியது. வீடு திரும்ப நேரமானது. மாமனார் அதற்கும் கத்தவில்லை. காபி ஆறியிருந்தாலும் குடித்தார். வயசானால் மனுஷன் சாந்தமாகத்தான் ஆவான் என்று அவள் முட்டாள்தனமாக நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் மத்தியானம் ஆபீஸில் இருக்கும்போது அவளுடைய அப்பாவிடமிருந்து போன் வந்தது. அவர் சாதாரணமாக அந்த நேரத்தில் கூப்பிடமாட்டார்.

“உன் மாமனார் மெயில் அனுப்பியிருக்காரும்மா. மாப்பிள்ளைக்கும் சேர்த்துப் போட்டிருக்காரு. நீ பாக்கலையா?”

அவளுக்கு அனுப்பவில்லை. அப்பா போனில் படித்தார், தடுக்கித் தடுக்கி:

‘கடந்த மூன்று வாரங்களில் ஒன்பது நாட்கள் இரவு உணவு எட்டரை மணிக்குப் பின்பே தயாரானது. என் மனைவிக்கு மாத்திரைக்கு முன் உணவு தேவை. இரண்டு நாட்கள் மாத்திரை தாமதமானது. வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தார். வீட்டில் அப்போது வேறு பெண்கள் இல்லை. தேவைப்படுவது: மாலை ஐந்து மணிக்குள் மருமகள் வீட்டில் இருப்பது. இந்த மாத இறுதிக்குள் இது முடிவாக வேண்டும்.’

“அப்பா, அவரு வீட்லதான் இருந்தாரு. கூடத்துலதான் உக்காந்திருந்தாரு.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. ஆனா தப்பா ஒரு வார்த்தை எழுதலையே. எவ்வளவு மரியாதையா எழுதியிருக்காரு. இதுவே வேற மாமனாரா இருந்தா எப்படிப் பேசியிருப்பான்? நாங்களும் வயசானவங்கதான். கொஞ்சம் யோசி.”

அந்த மின்னஞ்சலில் பொய் ஒன்றும் இல்லை. அவர் மட்டும்தான் அதில் இல்லை. அடுப்பைப் பற்றவைக்கத் தெரிந்த கை, மாத்திரை எடுத்துக் கொடுக்க முடிகிற கை, குளியலறையிலிருந்து பத்தடி தூரத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த கை, எதுவும் இல்லை. ஏழு மணிக்கு வருகிற கணவனும் இல்லை.

இரவு அவள் பதில் ஒன்று எழுதிக் கணவனிடம் காட்டினாள். அதே மாதிரி, எந்த வாலும் இல்லாமல்: ‘வியாழக்கிழமை ஆறு மணிக்கு மாமனார் வீட்டில் இருந்தார். தேவைப்படுவது: மாலை உணவை ஒருவர் சூடாக்கித் தருவது.’

அவன் நெற்றியைத் தேய்த்தான். “அப்பாவக் குத்திக் காமிக்கற மாதிரி இருக்கே.”

“குத்தறதுக்கு இதுல என்ன இருக்கு? நடந்ததுதானேங்க.”

“நடந்ததுதான். ஆனா அவரு பெரியவரு. அவரு எழுதினதுல எது பொய்னு சொல்லு, நான் போய்ப் பேசறேன்.”

அவள் அழித்தாள்.

மறுநாள் காலை, கணவன் கிளம்பிப் போனபின், அவள் கூடத்துக்கு வந்து மாமனார் முன்னால் நின்றாள். ஆபீஸில் யாரும் பார்த்திராத முகம் அது.

“மாமா, எம்மேல கோவம்னா திட்டுங்க. முன்ன மாதிரி திட்டிடுங்க. நானும் ரெண்டு வார்த்தை சொல்றேன். எங்கப்பாவுக்கு எதுக்கு எழுதறீங்க?”

அவர் கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார். உண்மையாகவே வியப்பாக இருந்தது அவருக்கு. “கோவமா? எனக்கு உம்மேல என்ன கோவம்? நல்ல பொண்ணு நீ. எனக்கு எழுதக் கத்துக் குடுத்ததே நீதானே. இது குறை சொல்றதில்லம்மா. தேவை, அவ்வளவுதான்.”

மாதக் கடைசியில் அவள் வேலையை விட்டாள். பக்கத்து இருக்கைக்காரி ஒரு கேக் வாங்கி வந்தாள், ஐஸ்பெட்டி உருகிவிட்டது என்று யாரோ ஒரு ஜோக் சொன்னார்கள். அவள் இடத்தில் வந்த பெண்ணுக்கு மேலதிகாரி இரண்டே நிமிஷத்தில் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டார்.

இப்போது சாப்பாடு ஏழு மணிக்குத் தயாராகிவிடுகிறது. ஒரு நாள் மாமியாரின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து தட்டச்சுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. மாமியார் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நாப்பது வருஷம் கத்தினாரு. நான் அந்தச் சத்தத்துலயே மனசுக்குள்ள கோலி உருட்டற மாதிரி வேற ஏதாவது யோசிச்சுக்கிட்டே வேலையப் பாப்பேன். எதுவும் ஒட்டாது. கத்தி முடிச்சா அவருக்கே பசிக்கும், வந்து உக்காருவாரு.” மருமகளின் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டார். “போன வாரம் எனக்கு ஒண்ணு படிச்சுக் காமிச்சாரு. உன் புருஷனுக்கு அனுப்பியிருக்காராம். என்னப் பத்தி. ராத்திரி எத்தன தடவை எழுந்திருக்கறேன், எத்தன தடவை விளக்கு போடறேன், அவருக்கு எத்தன மணி நேரம் தூக்கம் கெடுதுன்னு. கடைசில தேவைன்னு ஒண்ணு போட்டிருந்தாரு. முதியோர் பாத்துக்கற இடம்னு ஏதோ பேரு.”

“அதுல எதாவது பொய்யா, அத்தே?” என்று மருமகள் கேட்டாள்.

“ஒண்ணுகூட இல்ல” என்றார் மாமியார்.